மிஞ்சிய எலிகள்

வளர்ப்புத் தட்டில் இருந்த மனிதத் தோல் செல்களில் முக்கால்வாசி செத்துப்போயிருந்தன. நஸீபா மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் அதே கதைதான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கும் ஒரு தனியார் பார்மசி கல்லூரியில் அவள் பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். மலையில் விளையும் ஓர் இலையின் சாற்றிலிருந்து புண் ஆற்றும் களிம்பு செய்வதுதான் ஆராய்ச்சி. கல்லூரியில் செல் வளர்க்க வசதி இல்லை என்பதால், மதுரையில் ஒரு ஆய்வகத்தில் கெஞ்சி இடம் வாங்கி, அங்கேயே தங்கி அந்தச் சோதனையைச் செய்தாள். களிம்பில் போட நினைத்த அளவில் சாற்றை விட்டால் தோல் செல்கள் பிழைக்கவில்லை.

வழிகாட்டியான பேராசிரியர் துல்கர்னைன் முடிவைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார்.

"தட்டுல செத்தா என்னம்மா? தட்டுக்கு ரத்த ஓட்டம் உண்டா? உடம்பு வேற மாதிரி தாங்கும். எலியில போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"அளவைக் குறைச்சு, மொதல்ல தட்டுலயே பாத்துருவோமே சார். தோலையே கொல்லுத மருந்தை எப்படி எலி புண்ணுல தடவ?"

"இன்னும் எத்தனை மாசம் பாப்ப? ஜர்னல்காரன் எலி டேட்டா எங்கன்னு கேக்கான். உனக்குப் பேப்பர் வேண்டாமா?"

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். தட்டில் நடப்பதெல்லாம் உடம்பிலும் நடக்காது என்று அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. ஆனால் தட்டு கேட்டுவிட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எலியிடம் ஓடுவானேன் என்று நஸீபாவுக்குப் புரியவில்லை. எலிச் சோதனைக்கு விண்ணப்பம் தயாரானது. ஐந்து குழுக்கள், குழுவுக்கு ஆறு, மொத்தம் முப்பது எலிகள். மயக்கம் கொடுத்து முதுகுத் தோலை வட்டமாக வெட்டி எடுத்து, புண் சுருங்குவதை நாள்தோறும் அளக்க வேண்டும்.

எந்த விலங்குச் சோதனைக்கும் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு கூடி ஒப்புதல் தர வேண்டும். அரசு நியமித்த வெளி உறுப்பினர் இல்லாமல் குழு கூட முடியாது. அவரோ இரண்டு தடவை வரவில்லை. ஒப்புதல் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் துல்கர்னைன் கல்லூரி விலங்குக் கூடத்தில் எலி ஜோடிகளைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். குட்டிகள் பிறந்தன, கண் திறந்தன, பால் மறந்தன. கூட்டம் மட்டும் நடக்கவில்லை.

"ஒப்புதல் வராம குட்டியை மட்டும் பெருக்கி வச்சா நாளைக்கு யாரு பொறுப்பு?" என்று விலங்குக் கூடத்தின் கால்நடை மருத்துவர் ரூபி பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார்.

கடைசியில் கூட்டம் நடந்தது சாரல் சீசனின் உச்சத்தில். வெளி உறுப்பினரான லிங்கேஸ்வரனின் கார் அருவிக்குப் போகிற கூட்டத்தில் இலஞ்சி விலக்கிலேயே மாட்டிக்கொண்டது. மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தவர், டீயைக்கூடத் தொடாமல் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

ரூபிதான் முதலில் கேட்டார். "தோலை வெட்டுதோம். மயக்கம் தெளிஞ்ச பெறகு வலி மருந்து பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

"வலி மருந்து வீக்கத்தையும் குறைச்சிரும். ரிசல்ட் கெட்டுப்போகும்" என்றார் துல்கர்னைன்.

"வீக்கத்தைத் தொடாத வலி மருந்தும் இருக்கு சார். எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி குடுத்தா ஒப்பிடவும் தடையில்ல. அப்புறம், புண்ணு மோசமானா எந்தக் கட்டத்துல நிறுத்தணும்னும் எழுதணும்."

லிங்கேஸ்வரன் நிமிர்ந்தார். "விலங்குச் சோதனைக்கான மூணு ஆர் விதியில முதல் ஆர், ரீப்ளேஸ்மென்ட், அதாவது மாற்று வழி, அதுக்கு வருவோம். விலங்கு இல்லாம இந்தக் கேள்விக்குப் பதில் தேட வழி இருக்கா? 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

துல்கர்னைன் வாய் திறப்பதற்குள் நஸீபா பேசிவிட்டாள். "இருக்கு சார். பாதி செஞ்சாச்சு. இந்த அளவுல தோல் செல் சாகுது."

துல்கர்னைன் அவளைப் பார்க்கவில்லை. தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. சொன்னதற்காக அவள் வருந்தவில்லை. இதைச் சொல்லவைக்க இத்தனை மாதமும் ஒரு வெளியூர்க்காரரும் வேண்டியிருந்ததே என்றுதான் ஆத்திரம் வந்தது.

விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. செல்லைக் கொல்லாத அளவை முதலில் கண்டுபிடியுங்கள், அந்த அளவில் பலன் தெரிந்தால் கணக்குப் போட்டுக் குறைந்த எலிகளோடு, வலி மருந்தோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் மறுபடி மதுரைக்குப் போனாள். சாற்றின் அளவைக் குறைக்கக் குறைக்கச் செல்கள் பிழைத்தன. அந்த அளவை எடுத்துக்கொண்டு, தட்டில் படர்ந்திருந்த செல் படலத்தின் நடுவே ஒரு கோடு கீறி, இடைவெளி எவ்வளவு வேகமாக மூடுகிறது என்று பார்த்தாள். மருந்து போட்டதும் போடாததும் ஒரே வேகத்தில்தான் மூடின. கொல்லாத அளவில் மருந்துக்கு ஒரு வேலையும் இல்லை.

அதை எழுதி ஜர்னலுக்கு அனுப்பினாள். விலங்குச் சோதனை இல்லாததால் ஏற்க இயலாது என்று பதில் வந்தது. பலன் இல்லை என்று தெரிந்த மருந்தை எலிக்குப் போட்டுக் காட்டினால்தான் பலன் இல்லை என்பதை நம்புவார்களாம். அவள் மடிக்கணினியை மூடினாள்.

அப்போதுதான் ரூபி கூப்பிட்டனுப்பினார்.

விலங்குக் கூடத்தில் அந்தக் குட்டிகள் வளர்ந்து பெருத்திருந்தன. கூண்டுகள் நெரிசலாகிக்கொண்டிருந்தன. "எந்த ஆராய்ச்சிக்கும் இதுகளை வாங்கிக்கிட ஆளு இல்ல நஸீபா. இப்படியே விடவும் முடியாது" என்றார் ரூபி.

"மாணவங்க வகுப்புக்கு?"

"அதெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறி வருசமாச்சே. அங்கன எலியே கிடையாது."

நஸீபா இரண்டு நாள் போனும் கையுமாக இருந்தாள். திருநெல்வேலியில் ஒரு கல்லூரி, ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய வேலைக்கு ஆண் எலிகள் மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அதுவும் சரியான எடையில் இருந்தவை மட்டும். அந்த அளவுக்கு அங்கே புதிதாக வளர்க்க வேண்டாம் என்பதுதான் ஒரே ஆறுதல். மற்றவற்றுக்கு யாரும் இல்லை, கொல்வதைத் தவிர வேறு வழியும் இல்லை.

ரூபி அவற்றை வேறு பெட்டிக்கு மாற்றிப் பயமுறுத்தவில்லை. தங்கள் கூண்டிலேயே இருக்கவிட்டு, கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நஸீபா போகாமல் நின்றாள். ஒரு எலி மூக்கைத் தூக்கி முகர்ந்தது, இன்னொன்றின் மேல் சாய்ந்தது, பிறகு அசையவில்லை. சாவு உறுதியானதா என்று ரூபி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நாம வெட்டல. மருந்து போடல. அப்படியும் செத்துப்போச்சே டாக்டர்" என்றாள் நஸீபா. "எந்தக் கணக்குல இதை எழுத?"

"எந்த ஆராய்ச்சிக் கணக்குலயும் வராது. அதான் கொடுமை" என்றார் ரூபி.

அங்கிருந்து அவள் நேராகத் துல்கர்னைன் அறைக்குப் போனாள். குழுக் கூட்டத்துக்குப் பிறகு இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

"ஒப்புதல் வராம இனிமே ஜோடி சேர்க்கக் கூடாதுன்னு உத்தரவு போடுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை போச்சு?"

அவள் சொன்னாள்.

"நீ அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார். "தனியா சொன்னப்ப நான் கேக்கல. அதுவும் வாஸ்தவந்தான்."

உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து, காய்ந்த வேர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இது செங்கோட்டைப் பக்கம் கிடைக்கு. உன் வருசத்தைக் காப்பாத்தணும்லா. இதுல ஏதாவது இருக்கும்."

நஸீபா அந்த வேரைத் தொடவில்லை. முழுதாக இரண்டு வருடம் ஓடிவிட்டது. கையில் ஒரு பேப்பர் இல்லை, மருந்தும் இல்லை. இன்னொன்றை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மதுரையில் மறுபடி கெஞ்ச வேண்டும்.

"நாளைக்குச் சொல்லுதேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சாலையில் அருவியிலிருந்து திரும்புகிற வேன்கள் வரிசையாக நின்றிருந்தன. பஸ் எதுவும் நகரவில்லை. அவள் குடையை விரித்துக்கொண்டு தென்காசியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.