ஒரு கம்பி

பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, வெயிலில் காயவைத்து எடுத்து வந்திருந்தாள். துளி ஈரம் தங்கினாலும் அடியில் பாகு நீர்த்துவிடும். புளிப்புச் சேர்ந்த பாகு பித்தளையில் நேராகப் பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும். அதனால் எண்ணெய்த்தாளை வட்டமாக வெட்டி, விளிம்பு மட்டும் மின்னும்படி உள்ளே விரித்தாள். அதற்குமேல் வில்லைகள், உருண்டைகள், பாகில் ஊறிய பந்துகள். சுருள்கள் மட்டும் வரவேண்டும்.

"ஈரத்துக்குப் பக்கத்துல ஈரத்த வைக்காதம்மா. ஒட்டிக்கும்" என்றார் முதலாளி.

"தெரியும் ஐயா. நடுவுல ஒரு காய்ஞ்ச வில்லை வெச்சிருக்கேன், பாருங்க."

மிட்டாய்க் கடையில் பெட்டி மடித்து அடுக்குவதுதான் அவள் வேலை. கை நடுங்காது என்பதற்காக இன்று அவளை முன்கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். புதுப் பெட்டியின் மூடியில் அச்சிட இந்தத் தட்டைப் படம் எடுக்கப்போகிறார்கள். போட்டோக்காரர் இரண்டு விளக்குகளை நிறுத்தி, கேமராவைத் தட்டின்மேல் குனியவைத்திருந்தார்.

அவள் காது அடுப்படிக் கதவில் இருந்தது. உள்ளே அவள் கணவர் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர்தான் அங்கே பாகு மாஸ்டர்.

பாகின் பதத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கரண்டியில் எடுத்த துளியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்லப் பிரிக்கவேண்டும். அறுந்தால் இன்னும் காயவேண்டும். ஒரு கம்பி அறாமல் நீண்டால் சுருளுக்குச் சரி. அதைத் தாண்டினால் பாகு ஆறும்போது மறுபடி சர்க்கரையாகிவிடும். விரல்களுக்கு நடுவில் வரும் அந்த இழுப்பைக் கைதான் அறியும். மாஸ்டரின் கை ஆறு மாதமாக எதையும் அறியவில்லை. பல வருடச் சூட்டில் விரல் நுனிகள் வெளுத்துத் தடித்து, கட்டைபோல ஆகியிருந்தன. கொதிக்கிற டம்ளரை அவர் வெறுங்கையில் பிடித்து நின்றதைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதன்பிறகு அவர் அடுப்பிலிருந்து, "தண்ணி கொண்டா!" என்று குரல் கொடுப்பார். அவள் செம்போடு போவாள். அவர் நகர்த்தி வைக்கும் கிண்ணத்திலிருந்து துளி பாகைத் தொட்டுப் பிரிப்பாள். பதம் வந்திருந்தால் செம்பில் நகத்தால் ஒரு தட்டு. ஒரு கம்பி. வில்லைக்கு இரண்டு கம்பி, இரண்டு தட்டு.

"மாஸ்டருக்கு என்னமோ தாகம் ஜாஸ்தியாயிடுச்சு. அதுவும் சம்சாரம் கையால குடிச்சாத்தான் அடங்குது" என்று எண்ணெய்ச் சட்டிக்காரர் கிண்டல் செய்வார். மாஸ்டரும் சிரிப்பார், அவளும் சிரிப்பாள்.

போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் பாகு முறிந்து சர்க்கரையாகி, சுருள் எல்லாம் கட்டிதட்டிப் போனது. "இன்னொரு தடவை ஆச்சு, வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றிருந்தார் முதலாளி.

"தண்ணி கொண்டா!" உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் எழுந்தாள்.

"நீ இரும்மா. குடத்துல தண்ணி இல்லாமலா போச்சு? மோந்து குடிக்கட்டும்" என்றார் முதலாளி.

அவள் உட்கார்ந்தாள். இரண்டாவது தடவை குரல் வரவில்லை.

சிறிது நேரத்தில் எண்ணெய்ச் சட்டிக்காரர் சுருள்களைக் கொண்டுவந்து வைத்தார். தொடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பளபளப்பு இல்லை. ஓரங்களில் வெள்ளை பூத்திருந்தது. ஒன்றை எடுத்தாள். மூன்று சேர்ந்து வந்தன.

போட்டோக்காரர் கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்தார். "என்ன சார், ஒரே கட்டியா இருக்கு? படத்துல உருவமே தெரியாது. பாகு அளக்கற வெப்பமானி ஒண்ணு வாங்கிப் போடலாமே?"

"விரல் இருக்கறப்ப அதெதுக்கு?" என்றார் முதலாளி. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "மாஸ்டர்!" என்றார்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அவள் முந்திக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தன, பிரிந்தன, சேர்ந்தன.

"கம்பி வந்துச்சுன்னுதான் நெனச்சேன்" என்றார் மெதுவாக.

"பரவால்ல, நகருங்க. மாவு மிச்சம் இருக்கில்ல?"

முறிந்த பாகில் வெந்நீரை ஊற்றினாள். கொதித்ததும் வெள்ளை கரைந்து தெளிந்தது. மறுபடி முறியாமலிருக்க எலுமிச்சை நாலு சொட்டு. ஈரத்துணியால் சட்டியின் உட்சுவரை வழித்தாள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரைப் பரல் உள்ளே விழுந்தாலும் போதும், அதைப் பார்த்துச் சட்டி முழுவதும் பரலாகிவிடும். எண்ணெய்ச் சட்டிக்காரர் பேசாமல் புதுச் சுருள் பிழிந்தார். அவள் துளியை எடுத்துப் பிரித்தாள். அறுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. அறுந்தது. மூன்றாவது தடவை, மயிரிழைபோல ஒன்று விளக்கு வெளிச்சத்தில் நீண்டு நின்றது.

"ஒரு கம்பி! இறக்குங்க!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

தட்டிச் சொல்லச் செம்பு கையில் இல்லை, முன்கூடத்தில் இருந்தது. முதலாளி கதவருகில் நின்றிருந்தார்.

சுடச்சுட எடுத்த சுருள்களை வெதுவெதுப்பான பாகில் முக்கி, புரட்டி, கம்பித்தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பினாள். மிச்சப் பாகு சொட்டி வடிந்து மேல்தோல் இறுகும்வரை யாரையும் தொடவிடவில்லை. பிறகு சுருளுக்கும் பந்துக்கும் நடுவே வில்லை, வில்லைக்கு அடுத்து உருண்டை என்று அடுக்கினாள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஈரம்போல மின்னிக்கொண்டு நின்றது.

"அப்படியே இருக்கட்டும்! யாரும் மூச்சுகூட விடாதீங்க" என்றார் போட்டோக்காரர்.

படம் எடுத்து முடிந்ததும் முதலாளி அவளைக் கூப்பிட்டார். கோபம் இல்லை. "எத்தனை நாளா நீதான் பதம் பாக்கறே?"

அவள் விரலில் ஒட்டிய பாகை முந்தானையில் துடைத்தாள்.

"நாளைலேருந்து அடுப்புல நீ நில்லு. மாஸ்டர் பாவம், வீட்ல இருக்கட்டும்."

"சம்பளம் ஐயா... அவரோடது..."

"அவர் மாஸ்டர்ம்மா. உனக்கு எப்பவும் குடுக்கறதுதான். பொம்பளைக்கு என்ன உண்டோ அது."

வீட்டுக்கு நடக்கும்போது அவர்தான் முதலில் பேசினார். "கடைசில கம்பி நீட்டிட்டேன் பாரு, அடுப்ப விட்டு." அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் கத்தாம இருந்திருக்கணும்."

"கத்தலேன்னா ரெண்டாவது சட்டியும் முறிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் வெளிய நின்னுருப்போம்."

நான்கு மாதம் கழித்துப் புதுப் பெட்டிகள் அச்சாகி வந்தன. மடிக்கும் வேலையை முதலாளி அவர்கள் வீட்டுக்கே அனுப்பினார், நூற்றுக்கு இவ்வளவு என்று. அவள் வேலை முடிந்து வரும்போது கணவர் தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு விரலுக்குத் தெரியாததால் சில மூலைகள் கோணியிருந்தன. கோணியதைக் கடையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவற்றைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அவர் ஒரு மூடியை வெளிச்சத்தில் பிடித்தார். பித்தளைத் தட்டு, வில்லை, உருண்டை, பந்து, பளபளக்கும் சுருள். எதுவும் எதையும் தொடவில்லை. சுருளின்மேல் விரலை வைத்து எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்து மெல்லப் பிரித்தார்.

"கம்பி வந்துச்சா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த டம்ளரை அவள் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார்.

டம்ளரில் அப்போதுதான் ஊற்றிய காபி இருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. நுனி வெளுத்திருந்த சுட்டுவிரலை அதன்மேல் அப்படியே வைத்து, சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.