மூன்று மணி மதிப்பெண்

நான் வேலை பார்க்கும் கட்டடத்தைச் சுத்தப்படுத்தும் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது, புதிய நிறுவனம் தன் ஆட்களையே கொண்டுவருகிறது என்று உறுதியானதும், பயோடேட்டா தயாரிக்க உட்கார்ந்தோம். பதினொரு வருடமாக ஹவுஸ்கீப்பிங் வேலை. அதில் ஆறு வருடம் சூப்பர்வைசர். இதுவரை பயோடேட்டா என்று ஒன்று எனக்குத் தேவைப்பட்டதில்லை. தட்டச்சு செய்தது என் நாத்தனார். அவளுக்கு விரலும் வேகம், வாயும் வேகம்.

"பரப்பளவு சொல்லுங்க அண்ணி."

"ஒரு லட்சத்து இருபதாயிரம் சதுர அடி."

"அந்தக் கட்டடம் ரெண்டு லட்சம்னு வாசல் பலகையிலயே போட்டிருக்கே?"

"லிப்ட் குழி, மின் அறை, பூட்டிக் கிடக்கிற ரெண்டு மாடி, இதெல்லாம் நானா பெருக்கறேன்? பெருக்கறத மட்டும் போடு."

ஆட்கள் இருபத்திரண்டு பேர். காலை ஷிப்டில் பதினான்கு, மதியம் எட்டு. வெளியிலிருந்து வேலைக்கு வரும் வெண்டர்கள் மூன்று: பூச்சி மருந்து, வெளிக் கண்ணாடி, குப்பை அகற்றல். "ஒப்பந்தங்களை நிர்வகித்தவர்னு போடறேன், கேக்க நல்லாருக்கும்" என்றாள். ஒப்பந்தம் போட்டது எங்கள் மேனேஜர். வேலையைப் பார்த்து, முடிந்தது என்று கையெழுத்திட்டால்தான் அவர்கள் பில் நகரும். அந்தக் கையெழுத்து என்னுடையது. அப்படியே எழுதச் சொன்னேன்.

சண்டை வந்தது கடைசி வரியில். கடைசி ஆறு மாதச் சுத்த இன்ஸ்பெக்‌ஷனில் நூற்றுக்கு வந்த மதிப்பெண்: 93, 94, 68, 76, 81, 84.

"ஐயோ, இந்த அறுபத்தெட்ட எவ அண்ணி காட்டுவா? பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட பல்வலியச் சொல்ற கதையா இருக்கு. தொண்ணூத்திநாலு மட்டும் போடறேன்."

"ஆறு தாள்லயும் கட்டடக்காரங்க கையெழுத்து இருக்கு. ஒரு போன் போட்டா தெரிஞ்சிடும். ஆறையும் போடு."

"உங்களத் திருத்த முடியாது" என்று முணுமுணுத்தபடியே ஆறையும் போட்டாள்.

நேர்காணல் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில், மதியம் இரண்டரைக்கு. கட்டட மேனேஜர் என் வயதுப் பெண்மணி. மேசையில் இன்னும் நான்கு பயோடேட்டாக்கள் கிடந்தன.

"மத்த நாலு பேரும் தொண்ணூத்தஞ்சுக்கு மேல போட்டிருக்காங்க. நீங்க எண்பத்திநாலு. நடுவுல அறுபத்தெட்டு வேற. என்னம்மா ஆச்சு மூணாவது மாசம்?"

நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

"நேரத்த மாத்தினேன் மேடம். அதுவரைக்கும் காலைல ஒம்போது மணிக்குப் பார்ப்போம். அப்பதான் தொடச்சு முடிச்சிருப்பாங்க, எல்லாம் பளபளன்னு இருக்கும். ஆனா புகார் வர்றதெல்லாம் மதியம் மூணு மணிக்கு. அதனால சொல்லாம கொள்ளாம மூணு மணிக்குப் பார்க்க ஆரம்பிச்சேன்."

"உங்க ஆளுங்க விட்டாங்களா?"

"ரெண்டு வாரம் யாரும் என்கூடப் பேசல. அப்புறம் காலைலேருந்து ரெண்டு பேர மதியத்துக்கு மாத்தினேன். பன்னெண்டும் பத்துமா ஆச்சு. ஏற ஆரம்பிச்சுது."

மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. இழுப்பறையிலிருந்து வெற்று மதிப்பெண் தாள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வாங்க, மூணாவது மாடி. எங்க கட்டடத்தையும் ஒரு தடவ பாருங்க."

பெண்கள் கழிவறை. பத்து இனங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். தரை ஈரம், ஆனால் வழுக்கவில்லை: ஏழு. கண்ணாடியில் தண்ணீர்த் தெறிப்பு: ஆறு. சோப்புப் புட்டியை அழுத்தினேன், காற்றுதான் வந்தது: பூஜ்யம். கதவுக்குப் பின்னால் குனிந்து மூலையைப் பார்த்தேன். பிடித்த வேலை வேறு, நேரம் போனதே தெரியவில்லை. கூட்டிப் பார்த்தால் அறுபத்தொன்று. வேலை கேட்டு வந்த இடத்தில் இதைக் கொடுப்பதா என்று ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தேன்.

மேனேஜர் இனம் இனமாகப் படித்தார். "போன வாரம் இதே ரூமுக்குத் தொண்ணூத்தாறு."

"எத்தன மணிக்குப் பார்த்தாங்க மேடம்?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "வேற எத்தன மணிக்கு? ஒம்போதரைக்கு! சரி, இத எப்படிச் சரி பண்ணுவீங்க?"

"ஒவ்வொரு மாடிக்கும் சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் ஒரு சுத்து. அதுக்கு ஆள் மாத்தணும், புதுசா எடுக்க வேணாம். ஆனா முதல் மாசம் மதிப்பெண் கீழதான் போகும். மேலிடத்துல நீங்கதான் பதில் சொல்லணும்."

"அத நான் பார்த்துக்கறேன். தாள்ல கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். கையெழுத்துக்குக் கீழே 'பதவி' என்று ஒரு கோடு காலியாக இருந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "இங்க என்ன எழுதறது மேடம்?" என்று கேட்டேன்.

"சூப்பர்வைசர்னு எழுதுங்க. ஒண்ணாந்தேதிலேருந்து. முதல்ல அந்த சோப்புப் புட்டிய நிரப்பச் சொல்லுங்க."