ஏழு நாள் தவணை

மின்னஞ்சலை கொலின்ஸ் மூன்று தரம் வாசித்தான். மனைவி றொஷேல், அவன் பாஸ்வேர்டுகளை இணையத்தில் பூட்டி வைத்திருக்கும் பெட்டகத்தைத் திறக்க அவசர அனுமதி கேட்டிருக்கிறாள். ஏழு நாளுக்குள் அவன் மறுக்காவிட்டால் அது தானாகவே திறந்துவிடும்.

நேற்றுத்தான் இரண்டு பேரும் தாழ்வுபாட்டில் இருக்கும் தங்கள் வீட்டு விறாந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து இந்த ஏற்பாட்டைச் செய்து முடித்திருந்தார்கள். அவன் தன் பாஸ்வேர்ட் பெட்டகத்திலிருந்து அழைப்பு அனுப்பினான். அவள் தனக்கொரு கணக்குத் திறந்து அழைப்பை ஏற்றாள். அவளுடைய கணக்குக்கு அடையாளமாக வந்த ஐந்து ஆங்கிலச் சொற்களை அவள் வாசிக்க, அவன் தன் திரையில் இருந்தவற்றோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்தினான். பார்க்க மட்டும் அனுமதி. எதையும் மாற்ற முடியாது. காத்திருக்கும் காலம் ஏழு நாள்.

"எனக்கு ஒண்டு நடந்தா மட்டும் கேளும்," என்று தெளிவாகச் சொன்னான். அப்படித்தான் அவனுக்கு ஞாபகம்.

இருபத்துநாலு மணித்தியாலம் ஆகவில்லை, கேட்டுவிட்டாள். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தான் வேலை செய்கிற காற்றாலையில் எண்பது மீற்றர் உயரத்தில் நின்று இதை வாசித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அவன் பயந்தது பாஸ்வேர்டுகளுக்காக அல்ல. பெட்டகத்தில் குறிப்பு எழுதி வைக்கிற இடமும் இருந்தது. அதில் 'டயறி' என்று ஒன்று. இரண்டு மாதமாக அவன் அதில் எழுதி வந்தது முழுவதும் றொஷேலைப் பற்றி.

முசலிப் பக்கம் ஒரு அரசாங்கக் கந்தோரில் அவளுக்கு வேலை. ஐந்தே காலுக்கு வீட்டில் நிற்க வேண்டியவள். செவ்வாயும் வியாழனும் மட்டும் ஆறரை ஆகும். அவன் கேட்குமுன்னே, "வேலை கூட" என்பாள். கொலின்ஸ் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். திகதி, வந்த நேரம், சொன்ன காரணம் என்று வரி வரியாக எழுதினான். ஒரு வரி: 'செருப்பில் வெள்ளை மணல். முசலி மண் அல்ல.' இன்னொன்று: 'அத்தர் வாசம் மாதிரி. நிச்சயமில்லை. நான்தான் பிழையோ தெரியாது.' ஒவ்வொரு வரிக்குப் பிறகும் தன்னையே சந்தேகித்து ஒரு வரி எழுதுவான். ஆனாலும் முதல் வரியை ஒருநாளும் அழித்ததில்லை.

இப்போது அவளுக்கு அது தெரிந்துவிட்டதா? தெரியாவிட்டால், எதைத் தேடுகிறாள்?

மறுக்கும் பட்டன் இணையத்தளத்தில் இருந்தது. அமத்த ஒரு நிமிஷம் போதும். அமத்தினால் அவளுக்கும் அறிவிப்புப் போகும். ஏன் மறுத்தீர்கள் என்று கேட்பாள். குறிப்பை அழிக்கலாம். அழித்தால் அந்தத் திகதிகளும் போய்விடும். பிறகு உண்மை எது, தான் நினைத்தது எது என்று அவனுக்கே தெரியாமல் போகும்.

ஞாயிறு பூசையில் பக்கத்தில் நின்ற அவளைக் கடைக்கண்ணால் பார்த்தான். அவள் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். திங்கள் சோறு போடும்போது, "மெயில் ஏதும் வந்ததோ?" என்று தானாகக் கேட்டாள். "இல்லை," என்றான். செவ்வாய் ஆறு இருபத்தைந்துக்கு வந்தாள். எழுதிக்கொண்டான். புதன், அவள் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்திருந்ததையும் எழுதிக்கொண்டான்.

வியாழன் அவன் அரைநாள் லீவு போட்டுவிட்டு விறாந்தையில் இருந்தான். ஆறரைக்குப் படலை திறந்தது.

"என்ன, இண்டைக்கு வெள்ளனவே வந்திட்டீங்கள்? சுகமில்லையோ?" என்றாள் றொஷேல், பையை இறக்கிக்கொண்டே.

"நாளண்டைக்குச் சனி. ஏழு நாள் முடியுது."

"என்ன ஏழு நாள்?"

"தெரியாத மாதிரிக் கேளாதையும். பெட்டகத்தைத் திறக்கக் கேட்டனீரெல்லோ."

"ஓம், கேட்டனான்." அவள் செருப்பைக் கழற்றினாள். "வந்ததோ அது? கேட்டதுக்கு நீங்கள் வரேல்லை எண்டீங்கள்."

"நான் உயிரோட இருக்கேக்க ஏன் கேட்டனீர்?"

றொஷேல் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். "ஏழு நாள் எடுக்குமெண்டு போட்டிருந்தது. எங்கட கந்தோரில ஒரு கடுதாசிக்கு ஏழு நாள் எண்டா நாங்கள் ஆக்களுக்கு என்ன சொல்லுவம்? இப்பவே எழுதிக் குடுத்து வையுங்கோ, தேவைப்படேக்க கையில இருக்கும் எண்டு சொல்லுவம். கடைசி நேரத்தில வந்து நிண்டு அழுகிற சனத்தை நாளாந்தம் பாக்கிறன். அதுதான் முதல் நாளே போட்டு வைச்சனான்."

கொலின்ஸுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அது அப்பிடியில்லை. கேட்ட உடனை நாள் எண்ணத் தொடங்கீடும். முடிஞ்சா உள்ளுக்க கிடக்கிற எல்லாத்தையும் நீர் பாக்கலாம்."

"அப்பிடியே? அப்ப மறுத்து விடுங்கோவன். பிறகு தேவையெண்டாத் திருப்பிக் கேக்கலாம்தானே?"

"கேக்கலாம். மறுத்தாலும் உம்மட பேர் அதில இருக்கும்."

"பிறகேன் அஞ்சு நாளா முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

அவன் கைபேசியில் இணையத்தளத்தைத் திறந்து, அவளுடைய பேருக்கு நேரே மறுப்பை அமத்தினான். வேலை முடிந்தது. அவள் ஆனால் கதிரையை இழுத்துப்போட்டு எதிரில் இருந்துவிட்டாள்.

"உள்ளுக்க என்ன கிடக்கு?"

சொல்லாமல் விடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு, தான் எழுதியது தனக்கே பொறுக்க முடியாததுபோல், 'டயறி'யைத் திறந்து கைபேசியை அவளிடம் நீட்டினான்.

அவள் மேலிருந்து கீழாக வாசித்தாள். அவசரப்படவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, "அத்தரோ?" என்றாள். பிறகு மிச்சத்தையும் வாசித்து முடித்தாள்.

"எருக்கலம்பிட்டி மணல்," என்றாள் கடைசியில். "ஸீனத்தின்ர வீடு."

ஸீனத், அஸாமின் மனைவி. அஸாம் கொலின்ஸோடு காற்றாலையில் வேலை செய்தவன். மூன்று மாதத்துக்கு முன் நெஞ்சு வலியில் போய்விட்டான். அவனுடைய பாஸ்வேர்ட் ஒன்றும் மனைவிக்குத் தெரியாது. அதைக் கேள்விப்பட்டுத்தான் கொலின்ஸ் இந்த ஏற்பாட்டையே தொடங்கினான்.

"புருசன் போனதில இருந்து அவ இத்தாவில இருக்கிறா. அது முடியுமட்டும் வெளியில வரேலாது. ஈமெயில் திறக்க, பிள்ளையளின்ர கடுதாசியள் எடுக்க, ஒவ்வொரு இடத்துக்கும் செவ்வாயும் வியாழனும் போய் விண்ணப்பம் நிரப்பிக் குடுக்கிறன். 'கொலின்ஸண்ணைக்குச் சொல்லாதையுங்கோ, அவர் என்ர அவரின்ர கூட்டாளி, தன்ர வேலையை விட்டிட்டு ஓடித்திரிவார்' எண்டு ஸீனத் சொன்னவ. நான் ஓமெண்டனான்."

"நீர் எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் கேட்டிருக்கலாம். ரெண்டு மாதம் எழுதியிருக்கிறீங்கள்." அவளுடைய குரல் உயரவில்லை. "உங்களுக்கு ஒண்டு நடந்து, ஏழு நாள் பொறுத்து, அழுது கொண்டு நான் இதைத் திறந்திருந்தா? மறுமொழி சொல்ல எனக்கு ஆள் எங்க?"

கொலின்ஸ் தலை குனிந்தான். "அழிச்சு விடுறன்."

"அழிக்க வேண்டாம்." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் உள்ளுக்க வந்தா எழுதேலுமோ?"

"ஏலாது. பாக்க மட்டும்தான்."

"அப்ப நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ. ஒவ்வொரு திகதிக்குக் கீழையும். முதல் செவ்வாய்க்கு வாங்கோ."

கொலின்ஸ் முதல் செவ்வாய்க்குப் போனான். அவனுடைய விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது.

"'றொஷேல் சொன்னது' எண்டு தொடங்குங்கோ," என்றாள்.