ஷஹீதாவுக்கு மட்டும் ஓர் ஆச்சரியக்குறி

"உன்னைப் பாத்து மெஷினே கத்துதுடி!" என்று ஸ்டெஃபனி கேன்டீன் மேசையைத் தட்டிச் சிரித்ததில் குளிர்ந்த தேநீரான தே ஐஸ் தளும்பி விசைப்பலகை ஓரம்வரை வந்துவிட்டது.

ஷஹீதா டிஷ்யூவால் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். வகுப்பில் எல்லாருடைய பெயரும் ஒழுங்காக வரிசையில் நின்றது. அவளுடையது மட்டும் இப்படி:

SHAHEEDHA BINTI ALAUDEEN!

முதலாண்டு சி நிரல்மொழிப் பாடத்தில் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த வேலை அது. கோப்பிலிருந்து பெயர்களைப் படித்து, ஒன்றை அடுத்து ஒன்றாகச் சங்கிலியாகக் கோத்து, அப்படியே அச்சிட வேண்டும். மதியம் டெமோ. ஒரு எழுத்து பிசகினாலும் பூஜ்யம் என்று டியூட்டர் கிஷன் போன வாரமே சொல்லிவிட்டான். இன்று காலை அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய உண்மையான பட்டியலைக் கொடுத்ததும்தான் இந்தக் கூத்து தொடங்கியது. ஸ்டெஃபனி தானே தட்டி வைத்திருந்த பழைய பட்டியலில் இந்தக் குறி வந்ததே இல்லை.

"அதுல உன் பேர்ல ஒரு ஹெச் கம்மி. நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

ஹெச்சை எடுத்தார்கள். ஆச்சரியக்குறி போயிற்று. போட்டார்கள். வந்தது.

"அலாமாக்! உங்க வாப்பாதான் காரணம். ஐசி கார்டுல எதுக்குக் கூடுதலா ஒரு ஹெச் போட்டாரு? எடுத்துடலாம்லா."

"பட்டியல் கிஷன் அண்ணே கையில இருக்கு. என் பேரை நீ எப்படி எடுப்ப?"

ஷஹீதா தன் பெயரை விரல் விட்டு எண்ணினாள், இடைவெளிகளையும் சேர்த்து. இருபத்துநான்கு. பிறகு தோழியின் பெயரைத் தட்டினாள். STEPHANIE A/P SOOSAI. இருபதுதான். கடைசியில் நான்கு ஐ சேர்த்து ஓட்டினாள்.

SOOSAIIIII!

"ஐயோ, எங்கப்பாவையும் கத்துது!" ஸ்டெஃபனி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். இன்னொரு ஐ சேர்த்தால் குறி இல்லை. ஒன்று குறைத்தாலும் இல்லை.

"ஹெச் இல்லடி, எண்ணிக்கை," என்றாள் ஷஹீதா. இப்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் சானிடைசரைச் சேர்த்துத் தொகுத்து ஓட்டினாள். திரை சிவந்தது. இருபத்துநான்கு பைட் இடத்தில் இருபத்தைந்து பைட் எழுதுகிறாய் என்று, வரி எண்ணோடு திட்டியது. அவளே எழுதிய வரி: malloc(strlen(name)). பெயரின் எழுத்துகளை எண்ணி, அவ்வளவுக்கு மட்டும் நினைவகத்தில் இடம் கேட்டிருந்தாள். பெயர் முடிந்தது என்று சொல்லும் பூஜ்யத்துக்குக் கேட்க மறந்திருந்தாள்.

+1 போட்டாள். ஓட்டினாள். குறி இல்லை. இருவரும் கைதட்டி முடிப்பதற்குள் மறுபடி சிவப்பு. பெயர்களுக்கு வாங்கிய இடம் எதுவும் திருப்பிக் கொடுக்கப்படவில்லையாம்.

"அது ஈஸி," என்று ஸ்டெஃபனி, சங்கிலியின் கண்ணி p-ஐத் திருப்பிக் கொடுக்கும் free(p)க்குக் கீழே free(p->name) போட்டாள். இன்னும் பெரிய சிவப்பு.

"வீட்டை இடிச்சுட்டு உள்ள இருக்குற அலமாரியத் தேடுறியா? முதல்ல பேரு, அப்புறம்தான் p."

மாற்றினார்கள். ஓட்டினார்கள். பெயர்கள் மட்டும். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்து இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தே ஐஸ் இந்த முறை முழுதாகவே கவிழ்ந்தது, நல்லவேளையாகத் தரையில்.

மதியம் லேபில் கிஷன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் பட்டியலைக் கொடுத்தான். பெயர்கள் சரியாக வந்தன. அவன் விரல் +1 மேல் நின்றது.

"இது இல்லாட்டி என்ன ஆகும்?"

ஷஹீதாவுக்கு யார் முன்னாலும் குரல் எழும்பாது. ஸ்டெஃபனி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

"என் பேருக்குப் பின்னால ஆச்சரியக்குறி வரும், அண்ணே."

"என்னது?"

"சின்னப் பேருக்கு மாலோக் கொஞ்சம் தாராளமாவே இடம் தரும், அதனால தப்பு தெரியாது. இருபத்துநாலுன்னா சரியா நெறஞ்சுடும். முடிவுப் பூஜ்யம் வெளிய விழும். அந்த எடத்துல மாலோக் அடுத்த பெட்டியோட அளவ எழுதிடும். முப்பத்திரண்டு, கூட ஒன்னு, முன் பெட்டி காலி இல்லன்னு சொல்ல. முப்பத்துமூணு. எழுத்தாப் படிச்சா அது..."

"ஆச்சரியக்குறி!" கிஷன் வாய்விட்டுச் சிரித்தான். "காட்டு, காட்டு. +1ஐ எடுத்து, சானிடைசர் இல்லாம ஓட்டு."

ஓட்டினாள். லேபே அவள் பின்னால் கூடிவிட்டது. தன் பெயர் திரையில் கத்துவதை, வகுப்பே விழுந்து விழுந்து சிரிப்பதை, அவள் தலைகுனியாமல் பார்த்தாள்.

கிஷன் முழு மதிப்பெண் போட்டான். ஷஹீதாவின் பெயருக்குப் பின்னால், கேட்காமலே, ஒரு ஆச்சரியக்குறியும்.