நிருபத்தில் இல்லாத வரி

நாற்பது நாள் தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு, சாமியார்களுக்கெல்லாம் பெரிய சாமியான மேற்றிராணியார் எழுதிய நிருபம் எல்லா வேதக்கோவில்களிலும் வாசிக்கப்படும். கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே இருந்த அந்தச் சேரிக்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் திண்டிவனத்திலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வதும், நிருபம் வந்தால் வாசிப்பதும் உபதேசியார் சவுரிராயன் வேலை. ஒருமுறை கேட்டு மறந்துவிடுவார்கள் என்று தபசு காலம் முழுக்க ஞாயிறுதோறும் திரும்பவும் வாசிப்பார். எழுத்துத் தெரிந்தவர் அந்தச் சேரியில் அவர் ஒருவர்தான்.

நாற்பத்து மூன்றாம் வருஷத்து நிருபம் எட்டுப் பக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"இருபத்தொரு வயது முடிந்து அறுபது வயது தொடங்காதவர்கள் ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும் ஒருசந்தி இருக்கக் கடவார்கள். நடுப்பகலில் ஒரு முழுச்சாப்பாடு; காலையிலும் மாலையிலும் சொற்பம். விபூதிப் புதனும் வெள்ளிக்கிழமைகளும் மாமிசம் விலக்கு. நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், கடின வேலை செய்கிறவர்கள் ஆகியோருக்கு ஒருசந்தி கடமையில்லை; அவர்கள் செபத்தாலும் தர்மத்தாலும் ஈடுசெய்வார்களாக. பிரியமான பிள்ளைகளே, வயிற்றிலிருந்து மிச்சம்பிடித்ததை உங்கள் பானையில் போட்டு வையாதீர்கள். அது பசித்தவன் பங்கு."

சேரியில் எல்லோருமே மண் வெட்டியும் நெல் அறுத்தும் பிழைக்கிறவர்கள். ஆகவே வருஷா வருஷம் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பவர் உபதேசியார் மட்டும்தான். தண்ணீர் எடுக்கும் இடத்தில் அவரைப் பார்த்தால் பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள். "பாவம், பட்டினி கெடக்கிறாரு" என்று அவர்கள் சொல்வது காதில் விழும். விழவேண்டும் என்றே அவர் மெதுவாக நடப்பார்.

அன்றைக்கு வாசித்து முடித்ததும் பின்வரிசையில் மாசிலாமணி எழுந்தான். ரெட்டியார் நிலத்தில் கேணி வெட்டுகிறவன்.

"உபதேசியாரே, கடமை இல்லன்னா, இருந்தா பாவமா?"

"பாவம் இல்ல. ஆனா உன்னால முடியாது."

"பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு கேணிக்குள் இறங்கியவன் காலைக் கூழைத் தொடவில்லை. ரெட்டியார் வீட்டிலிருந்து வேலையாட்களுக்குக் காலையில் ஆளுக்கு ஒரு கலயம் கேப்பைக் கூழ் வரும். மாசிலாமணி தன் கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கெங்கம்மாள் குடிசைக்கு நடந்தான். கெங்கம்மாள் கிறிஸ்தவள் இல்லை, கோவிலுக்கு வராதவள். ஊர்ப்பக்கத்தில் மல்லாட்டைக் கடலை உரிக்கப் போவாள். புருஷன் காலராவில் போய்ச்சேர்ந்து ஐந்து மாதம். மூன்று பிள்ளைகள். மல்லாட்டை வேலையும் அப்போது நின்றுபோயிருந்தது.

தினமும் இப்படியே. நடுப்பகலில் களி தின்பான். பிறகு மறுநாள் நடுப்பகல்வரை தண்ணீர்தான். பத்து நாளைக்குள் சேரி முழுக்க அதே பேச்சு.

"நம்ம உபதேசியாரு நெழல்ல குந்திக்கினு ஒருசந்தி இருக்காரு. இவன் கேணிக்குள்ள பாறையை ஒடச்சிக்கினு இருக்கான்" என்றான் சின்னக்கண்ணு. அவன் வாயை யாரும் அடக்கியதில்லை. "சாமி கணக்குல எது பெரிசுன்னு கேட்டுச் சொல்லுங்களேன், உபதேசியாரே."

சவுரிராயன் சிரித்துவைத்தார். அன்று மத்தியானச் சோறு அவருக்கு இறங்கவில்லை.

இருபது வருஷம் அவர் பட்டினி கிடந்திருக்கிறார். ஒருவர்கூடப் பிரமித்ததில்லை, பரிதாபப்பட்டதோடு சரி. அந்தப் பிரமிப்பை இவன் பத்து நாளில் வாங்கிக்கொண்டான். அவனுக்கு மார்பு விரிந்து கிடந்தது, பெண்கள் அவனுக்காகத் தண்ணீர்க் குடத்தை இறக்கினார்கள், பிள்ளைகள் 'மாமா' என்று பின்னால் ஓடினார்கள். எல்லாம் கண்ணில் குத்தியது. அதோடு இன்னொன்று. அவர் சாப்பிடாத ராச்சோற்றுக்கான அரிசியை மனைவி ஜெயம் தினம் ஒரு கைப்பிடி அளந்து ஒரு பானையில் போட்டு வைத்துக்கொண்டிருந்தாள். தபசு முடிந்து வரும் பாஸ்குப் பண்டிகைக்குப் பலகாரம் சுட. நிருபத்தை அவர் எட்டுப் பக்கமும் வாசித்தவர்தான்.

தபசு காலத்தின் இரண்டாம் ஞாயிறு வாசிக்கும்போது 'கடமையில்லை' என்ற இடம் வந்தது. அவர் தலையைத் தூக்காமல், தாளைப் பார்த்தபடியே தொடர்ந்தார்:

"ஆகையால் கடின வேலை செய்கிறவர்கள் ஒருசந்தி இருப்பது நமக்குப் பிரியமில்லை. இருக்கவே கூடாது, இருந்தால் கீழ்ப்படியாத குற்றம்."

குரல் மாறவில்லை. தாளில் அப்படி ஒரு வரி இல்லை.

"போன வாரம் இதப் படிக்கலயே" என்றான் சின்னக்கண்ணு.

"நீ தூங்கிக்கினு இருந்திருப்ப."

எல்லோரும் சிரித்தார்கள், சின்னக்கண்ணுவும். மாசிலாமணி சிரிக்கவில்லை. செபம் முடிந்து வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேற்றிராணியாரே சொல்லிட்டாரா?"

"படிச்சேனே."

"சரிங்க. கீழ்ப்படியணும் இல்ல" என்று போய்விட்டான்.

திங்கள் காலையில் மாசிலாமணி தன் கலயத்தைக் குடித்தான். சவுரிராயன் கேணி மேட்டில் நின்று அதைப் பார்த்தார். வயிற்றில் ஏதோ இனித்தது.

புதன்கிழமை கெங்கம்மாள் அவர் வாசலுக்கு வந்தாள். உள்ளே வராமல் வேலியோரம் நின்றாள்.

"சாமி, உங்க பெரிய சாமி எங்களுக்குக் கூழு குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாராமே."

"யாரு சொன்னது அப்படி?"

"மாசிலாமணி அண்ணன்தான். ஒருசந்தி கூடாதுன்னு உங்க கடுதாசில வந்துச்சாம். அவரு குடிச்சிட்டா எங்களுக்கு ஏது? குத்தம் சொல்ல வரல. எம் புள்ளைங்க ரெண்டு நாளா பச்சத்தண்ணி. உங்க பெரிய சாமி எங்க மேல இன்னாத்துக்குக் கோவம்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சவுரிராயன் உள்ளே போய் ஜெயத்தின் பானையைத் தூக்கினார்.

"இன்னாங்க, பாஸ்கு அரிசி" என்றாள் ஜெயம்.

"தெரியும்."

தானே தூக்கிக்கொண்டு கெங்கம்மாள் குடிசைக்குப் போனார். கடைசிப் பெண் வாசலில் படுத்திருந்தது. அரிசியைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தது. பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மாசிலாமணி மாமா வரலியா?" என்று கேட்டது.

பானையை அங்கேயே போட்டு உடைக்கலாம் போலிருந்தது அவருக்கு. இறக்கி வைத்துவிட்டு நடந்தார். அந்த அரிசி நாலு நாளைக்கு வரும். பண்டிகைக்கு இன்னும் நாலு வாரம் கிடந்தது.

கேணி மேட்டில் நின்று கீழே கூப்பிட்டார். மாசிலாமணி கடப்பாரையை ஊன்றிவிட்டு மேலே ஏறி வந்தான்.

"நிருபத்துல அந்த வரி இல்லடா" என்றார் சவுரிராயன். "நான் சேத்துப் படிச்சேன்."

"இன்னாத்துக்குங்க?"

"உனக்கு எல்லாரும் மரியாத பண்றாங்க. என்னால அதப் பாத்துக்கினு இருக்க முடியல" என்றார்.

மாசிலாமணி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"நான் குடிச்சிக்கினு இருந்தது யாரோட கூழுன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. எனக்காவ வேணாம். நாளைக்கு இன்னொருத்தன் கூழு எடுத்துக்கினு போனா, கூடாதுன்னு யாரும் தடுக்கக் கூடாது."

இறங்கிப் போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஞாயிறன்று நிருபத்தை எடுத்து வாசித்தார். 'கடமையில்லை'யோடு நிறுத்தினார்.

"போன வாரம் இதுக்கு அப்புறம் ஒரு வரி படிச்சேன். அது மேற்றிராணியார் எழுதல. நான் சேத்தது. கடின வேல செய்றவங்க இஷ்டப்பட்டா ஒருசந்தி இருக்கலாம், குத்தமில்ல."

சின்னக்கண்ணு மெல்லிய குரலில், "அப்ப நான் தூங்கல" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அவர் தொடர்ந்து வாசித்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்தார். "வயிற்றிலிருந்து மிச்சம்பிடித்ததை உங்கள் பானையில் போட்டு வையாதீர்கள்."

மாசிலாமணியோடு கேணியில் வேலை செய்கிற நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அந்த நால்வரும் முறைவைத்து ஆளுக்கொரு நாள் தங்கள் கலயத்தை மாசிலாமணி கலயத்தோடு அனுப்பினார்கள். உபதேசியார் வீட்டிலிருந்தும் சாயந்திரம் ஒரு கைப்பிடி அரிசி போயிற்று. அவரே கொண்டுபோவார். குடிசை நெருங்கும்போது, பிள்ளைகள் இன்றைக்காவது தன்னைப் பார்த்து ஓடிவருமா என்று ஒவ்வொரு நாளும் பார்ப்பார்.

ஓடிவந்தார்கள். கையிலிருப்பதை வாங்கிக்கொண்டு, "மாமா காலைல வந்துட்டுப் போய்ட்டாரு" என்று சொன்னார்கள்.