நாற்பது முகம், எண்பது காது

மனிதன் தன் தலையை முதன்முதலாக ஒரு துணியால் மூடிய அன்றுதான் நாகரிகம் என்னும் சூரியன் உதித்தது. அந்தச் சூரியனின் அடுத்த கதிர் தங்கள் இயந்திரம்தான் என்று அந்த அலுவலகத்தின் வரவேற்பறைச் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் முதலாளி. கீழே, 'முகத்தை வென்றோம்' என்று ஒரு வரி. முகத்தை வென்றது உண்மையாகவே இருக்கலாம். காது மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். ஹிஜாபும் ஸ்கார்ஃபும் தலைப்பாகையும் விற்கிற கடைக்கு ஒருவர் தன் படத்தை அனுப்பினால், பிடித்த துணியைத் தலையில் கட்டினால் எப்படி இருக்கும் என்று இயந்திரம் அந்தப் படத்திலேயே கட்டிக் காட்ட வேண்டும். இயந்திரமும் கட்டியது. நிறம் அழகு, சுருக்கம் அழகு. ஆனால் அத்தனை அழகுக்கும் நடுவில் இரண்டு காதுகளும் துணியைத் துளைத்துக்கொண்டு, சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி வெளியே எட்டிப் பார்த்தன.

இதைக் கண்டுபிடித்தவள் பரிசோதகி. தானும் ஹிஜாப் அணிகிறவள். வேலைக்கு வந்து மூன்று மாதம். தகுதிகாண் காலம் இன்று மாலையோடு முடிகிறது. முதலாளி கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் நாளையிலிருந்து வீடு. அவளுடைய அம்மாவோ வேலை நிரந்தரமாகிவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிப் பத்து நாளாகிறது. "நல்ல சேதியைத் தள்ளிப்போடக் கூடாதுடி" என்பது அம்மாவின் கொள்கை.

காலை பத்து மணிக்குப் பரிசோதகி தன் அறிக்கையை முதலாளியின் மேஜையில் வைத்தாள். நாற்பது படங்கள். முப்பத்தொன்றில் தோல்வி.

"என்னம்மா இது? மூணு மணிக்குக் கடைக்காரம்மா பார்க்க வர்றாங்க. இப்பப் போய் காதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற. காது சின்ன விஷயம்மா!"

"சின்னதுதான் சார். ஆனா ஆளுக்கு ரெண்டு இருக்கு."

"எல்லாம் சரியா இருக்குன்னு நீ ஒரு கையெழுத்துப் போடு. நான் உன் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போடுறேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

அவள் பேனாவை எடுக்கவில்லை. துணிச்சல் என்று சொல்ல முடியாது. கடைக்காரம்மா படத்தைப் பார்த்த உடனே காது தெரியத்தான் போகிறது. அப்போது அறிக்கையின் கீழே யார் பெயர் இருக்கும் என்று யோசித்தாள். "மதியத்துக்குள்ள சரி பண்ணப் பாக்குறேன் சார்" என்று அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து அறையில் இருந்தவனுக்குப் பட்டப்பெயர் கத்தரிக்கோல். படத்தில் முகம் எதுவரை, முடி எதுவரை என்று இயந்திரத்துக்கு எல்லை வெட்டிக் கொடுப்பது அவன் வேலை. இரண்டு வருடமாக முகங்களை வெட்டுகிறவன்; திரையில் இல்லாத முகத்தை நிமிர்ந்து பார்ப்பது அபூர்வம்.

"முகத்தைத் தொடாதேன்னு மெஷினுக்குச் சொல்லியிருக்கோம்க்கா. தொட்டா, இது நான் இல்லன்னு ஆளுங்க சண்டைக்கு வர்றாங்க. அதனால முகத்தைச் சுத்தி வேலி போட்டு வச்சிருக்கேன்."

"வேலிக்குள்ள காது இருக்கா?"

"இருக்கு. காது முகத்துலதானேக்கா இருக்கு?"

"உன் காது எங்க இருக்குன்னு தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தான். "பக்கத்துல."

"அதான். அதையும் தொடாதேன்னு சொன்னா, பாவம், அது காதைச் சுத்தித்தான் துணியைக் கட்டும்."

சொன்னால் புரிகிற ஆள் இல்லை அவன், பார்த்தால் புரியும். பரிசோதகி தன் பையிலிருந்த இன்னொரு ஸ்கார்ஃபை எடுத்தாள். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் தலையில் போட்டு, தாடைக்குக் கீழே ஊசி குத்தி, நீளப் பக்கத்தைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து தோளில் விட்டாள்.

"இப்ப கண்ணாடியைப் பாரு. துணியோட விளிம்பு நெத்தியில ஆரம்பிச்சு, கன்னப்பொட்டுப் பக்கமா இறங்கி, கன்னத்தை ஒட்டி, தாடைக்குக் கீழ போகுது. காது எங்க?"

"உள்ள."

"வெளிய என்ன தெரியுது?"

அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒரு சின்ன மேடு. அதுக்கு மேல மடிப்பு லேசா உடையுது."

"அந்த மேடு வேணும். அது இல்லன்னா தலை பானை மாதிரி வழுவழுன்னு இருக்கும். காதைக் காட்டவும் கூடாது, காதே இல்லாத மாதிரி காட்டவும் கூடாது. கன்னத்துல விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிசு நிழல் விழுது பாரு, அதுவும் வேணும். இப்ப உன் மூக்குக் கண்ணாடியைப் போடு."

கண்ணாடியின் காம்பு விளிம்பில் முட்டி நின்றது. மெல்லத் தள்ளினான், துணிக்குள் போய் மறைந்தது. "அட! நம்ம படத்துல காம்பு துணிக்கு மேல போகுதேக்கா. ஹேங்கர் மாட்டின மாதிரி."

அந்த நேரம் பார்த்து முதலாளி கதவைத் திறந்தார். முதுகுப் பக்கமாக ஸ்கார்ஃப் அணிந்த உருவம் தெரிந்ததும் குரலைக் குழைத்து, "வாங்கம்மா, மூணு மணின்னு சொன்னீங்களே, அதுக்குள்ளயா..." என்றார். உருவம் திரும்பியது. மீசை தெரிந்தது.

"சார், நான்தான்."

முதலாளி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரிசோதகி அவரை விடவில்லை. "நல்லவேளை வந்தீங்க சார். தலைப்பாகைக்கு ஒரு தலை வேணும்." கடையிலிருந்து மாதிரிக்கு வந்திருந்த நீளத் துணி மேஜைமேல் கிடந்தது. இரண்டு வாரம் படம் படமாகப் பார்த்துக் கற்றதை முதலாளியின் தலையில் சுற்றினாள். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், முகவாயைத் தூக்கிக்கொண்டார்.

"காதை நசுக்குதும்மா."

"அதேதான் சார். தலைப்பாகை காதை முழுசா மூடல. மேல்பாதியை அழுத்தி, நடுவுல கடந்து போகுது. கீழ்மடல் வெளிய நிக்குது. நம்ம மெஷின்ல, தலைப்பாகை போட்டும் காது முழுசா விரிஞ்சு நிக்குது. இதே கட்டுல உங்க காது அப்படி நின்னா எப்படி இருக்கும்னு பாருங்க."

முதலாளி கண்ணாடியில் பார்த்துக் கற்பனை செய்தார். முகம் சுருங்கியது. "உடனே மாத்துங்கப்பா" என்றார், அது தன்னுடைய யோசனை என்பது போல.

கத்தரிக்கோல் சாப்பிடப் போகவில்லை. வேலியை நெற்றி, கன்னம், தாடை என்று சுருக்கினான். ஹிஜாப் என்றால் காதும் முடியும் கழுத்தும் துணிக்குச் சொந்தம்; தலைப்பாகை என்றால் கீழ்க்காது மட்டும் ஆளுக்கு; கண்ணாடிக் காம்பு விளிம்பு வரைக்கும்தான். அவன் மாற்றுவான், இவள் பார்ப்பாள், "இடது மேடு பெரிசு, வீங்கின மாதிரி இருக்கு" என்பாள், அவன் மறுபடி மாற்றுவான். ஸ்கார்ஃபைக் கழற்றக்கூட மறந்துவிட்டான். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நாற்பது படங்களில் முப்பத்தேழு தேறியிருந்தன. மீதி மூன்றும் பெரிய தோடு போட்டவர்கள். காது உள்ளே போய்விட்டது. தோடு மட்டும் துணிமேல் அந்தரத்தில் தொங்கியது. பரிசோதகி அதையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

கடைக்காரம்மா மூன்று மணிக்குச் சரியாக வந்தார். அடர் நீல ஸ்கார்ஃப், கனமான பை, உட்காருவதற்கு முன்பே பேச்சு. முதலாளி தொண்டையைச் செருமினார். "மனிதன் தன் தலையை முதன்முதலாக..."

"வரும்போதே சுவத்துல படிச்சிட்டேன் தம்பி. பெரிசாவே எழுதியிருக்கீங்க. எனக்கு ஒண்ணுதான் வேணும். பத்து பேர் வாங்கினா நாலு பேர் திருப்பி அனுப்புறாங்க. உங்க மாடலுக்கு நல்லா இருக்கு, என் முகத்துக்கு நல்லால்லங்கிறாங்க. அதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்க." போனை நீட்டினார். "இது என் தங்கச்சி பொண்ணு. காலேஜ் போகப்போறா. ஹிஜாப் போடணும்னு அவளுக்கே ஆசை. கண்ணாடியோட போட்டா அசிங்கமா இருக்குமோன்னு அழுறா. இவளுக்குக் கட்டிக் காட்டுங்க."

படத்தில் அந்தப் பெண்ணுக்குத் தடித்த கண்ணாடி, காதுக்குப் பின்னால் ஒதுக்கிய முடி. காதுகள் இரண்டும் நன்றாகவே விரிந்தவை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலாளி கூரையைப் பார்த்தார். கத்தரிக்கோல் நகத்தைக் கடித்தான்.

பச்சை ஹிஜாபோடு படம் வந்தது.

காது இல்லை. காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மெல்லிய மேடுகள். கண்ணாடிக் காம்பு கன்னப்பொட்டுவரை வந்து துணிக்குள் சாதுவாகப் போய்விட்டது. கன்னத்தில் ஒரு நூல் அளவு நிழல். முகம் அதே முகம். அவள் பயந்த அசிங்கம் இல்லை, அவ்வளவுதான்.

கடைக்காரம்மா அதைப் போனில் தங்கச்சி பெண்ணுக்கு அனுப்பிவிட்டு அழைத்தார். அறை முழுக்கக் கேட்டது.

"பெரியம்மா, இது நானா? என் காது எங்க?"

"உள்ளதான்டி இருக்கு, பத்திரமா."

"கண்ணாடி நல்லாத்தான் இருக்குல்ல?" பிறகு மூக்கை உறிஞ்சும் ஒலி, பிறகு, "இதே பச்சையில எனக்கு ரெண்டு எடுத்து வை."

பரிசோதகி அப்போதுதான் மூச்சுவிட்டாள். காலையிலிருந்து விடாமல் வைத்திருந்த மூச்சு போலிருந்தது.

"இதுல சரிவராதது ஏதாவது இருக்கா?" என்று கடைக்காரம்மா கேட்டார். முதலாளி "எதுவும் இல்..." என்று ஆரம்பிக்க, பரிசோதகி, "பெரிய தோடு போட்டிருந்தா சரியா வராதும்மா. கழட்டிட்டுப் படம் எடுக்கச் சொல்லணும். அதையும் சரி பண்ணிருவோம்" என்றாள். முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் தகுதிகாண் காலம் ஒருமுறை முடிந்து போனது.

"ஸ்கார்ஃப் கட்டப் போறவ எப்படியும் தோட்டைக் கழட்டுவா. சொன்னியே, அது போதும்மா" என்று கடைக்காரம்மா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். போகும்போது அவர் விரல் காட்டியது முதலாளியை அல்ல, பரிசோதகியை. "இந்தப் பொண்ணை விட்டுடாதீங்க தம்பி."

"விடுவேனா? எங்க தூணு!" என்றார் முதலாளி. சொன்ன சூட்டிலேயே அவள் பேப்பரை எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகு உற்சாகம் தாங்காமல், "அம்மா, நினைவுக்கு உங்களையும் ஒரு படம்!" என்று வாசலில் நிற்கவைத்து எடுத்தார். கடையில் அதிகம் விற்கிற துணி எது என்று கேட்டு, அவர் தலையில் இருந்த அந்த அடர் நீலத்தையே இயந்திரத்தில் தேர்ந்தெடுத்தார்.

வந்த படத்தைப் பார்த்து அறையே அசந்துபோனது. மடிப்பு, மேடு, நிழல், தாடைக்குக் கீழே ஊசி குத்திய இடத்தில் விழுந்த குட்டிச் சுருக்கம்கூட. "இயந்திரமா இது? கலைஞன்!" என்றார் முதலாளி. சுவரிலிருந்த சூரியனையும் நாகரிகத்தையும் அழித்துவிட்டு, இந்தப் படத்தை ஆளுயரத்தில் மாட்ட அப்போதே ஆளை அனுப்பினார்.

பரிசோதகி அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். "வேலை நிரந்தரமாயிருச்சும்மா."

"அதான் தெரியுமே" என்றார் அம்மா. "போன வாரமே எல்லாரும் விசாரிச்சாங்க."

சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். கத்தரிக்கோல் ஸ்கார்ஃபை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "காது வெளிய வந்ததும் ஊரே இரைச்சலா இருக்குக்கா" என்றான். கிளம்புவதற்கு முன் அன்றைய கடைசிப் படத்தையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று இயந்திரத்தின் பதிவேட்டைத் திறந்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். வரவேற்பறையில் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. பதிவேட்டில் இருந்ததை அப்படியே எழுதினாள்:

படம் நாற்பத்திரண்டு. காது கிடைக்கவில்லை. முடி கிடைக்கவில்லை. இயந்திரம் செய்த மாற்றம்: எதுவும் இல்லை.