ஆறடிப் படம்

மூன்று மாதத்தில் வேலை நிச்சயம் என்று நோட்டீஸ் ஒட்டிய டிசைன் வகுப்பில் அந்தப் பெண் உருப்படியாகக் கற்றது மூன்றே வித்தை: படத்தின் பின்னணியை வெட்டுவது, சட்டையை மாற்றுவது, எழுத்துக்கு நிழல் போடுவது. பள்ளி முடித்த கையோடு பேனர் கடையில் வேலைக்கு உட்கார அது தாராளமாகப் போதும். அந்த அக்கா வரும்வரை போதுமாகத்தான் இருந்தது.

அக்காவின் கணவர் இறந்து ஒரு வாரம். வீட்டு முன்னறையில் வைக்க அவர் படத்தை ஆறடிக்குப் போட வேண்டுமாம். அக்கா கொண்டுவந்த, கூட்டமாக எடுத்த போட்டோவில் நகத்தளவு இருந்த முகத்தை அந்தப் பெண் பெரிதாக்கினாள். கண்கள் கட்டம் கட்டமாக உடைந்தன.

"வேற படம் இருக்காக்கா?"

"எல்லாம் அவர் போன்லதாம்மா இருந்துச்சு. அது வண்டியோட சேர்ந்து நொறுங்கிடுச்சு."

முகத்தைத் தெளிவாக்கும் செயலியில் போட்டாள். பளிச்சென்று வந்தது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாரும்மா?"

அதற்குமேல் கைவசம் சரக்கில்லை. பின்னணியை வெட்டி, சட்டையை வெள்ளையாக்கி, பழைய முகத்தையே அச்சுக்கு அனுப்பினாள்.

சுவரில் சாய்த்த பேனரைத் தொட அக்கா கிட்டே போனாள். முகம் சிதறி வெறும் கட்டங்களாகிவிட்டது. அப்படியே பின்னால் நடந்தாள். கடை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றபோதுதான் அவர் முகம் சேர்ந்து வந்தது.

"இங்கேருந்து நல்லாத் தெரியறாரும்மா," என்றாள் அக்கா. "எங்க வீட்ல இவ்வளவு தூரம் கிடையாதே."